அப்பாவின் மச்சம் ஏன் பக்கம் மாறியது? முகம் மாற்றும் வீடியோக்களில் கண்ணாடிப் பிம்பம் செய்யும் குழப்பம்

2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், 2018-லேயே மறைந்த கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'தி கோட்' படத்தில் மறைந்த விஜயகாந்த் வந்தார். இரண்டுமே செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இந்த ஆசை வீடுகளுக்கும் வந்துவிட்டது. மறைந்த அப்பா கல்யாண மேடையில் ஆசீர்வாதம் செய்வது போலவும், பாட்டி பேரனின் பிறந்தநாளுக்கு வாழ்த்து சொல்வது போலவும் வீடியோ செய்து தரச் சொல்லி எடிட்டர்களிடம் கேட்கிறார்கள்.

ஒரு தலைவருக்கோ நடிகருக்கோ எல்லாக் கோணத்திலும் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடைக்கும். உங்கள் அப்பாவுக்கு? தேடினால் மூன்று நான்கு தேறும். அதில் தெளிவாக இருப்பது பெரும்பாலும் ஒரு செல்ஃபிதான். அந்த செல்ஃபி இடம் வலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாக இருந்தால், பணம் செலவழித்துச் செய்த வீடியோவைப் பார்த்து அம்மா, "அவர் மாதிரிதான் இருக்கு, ஆனா அவர் இல்லையே" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. என்ன தப்பு என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. அது எப்படி நடக்கிறது, எங்கே பிடிக்கலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் இரண்டு சொற்கள். யாருடைய முகம் வேண்டுமோ அவருடைய படத்தை 'மூல முகம்' என்று சொல்லலாம். அந்த முகத்தை எந்த உடல் மேல், எந்த நடிப்பின் மேல் பொருத்துகிறோமோ அதை 'உடல் வீடியோ' என்று வைத்துக்கொள்வோம்.

படம் எங்கே திரும்புகிறது?

மொபைலின் முன் கேமராவைத் திறந்தால் திரையில் தெரிவது கண்ணாடியில் தெரிவது போன்ற பிம்பம். உங்கள் வலது கன்னம் திரையின் வலது பக்கத்தில் இருக்கும். கிளிக் செய்த பிறகு சேமிக்கப்படும் படம் எப்படி இருக்கும் என்பது போனையும் செயலியையும் பொறுத்தது. ஐபோனில் `Mirror Front Camera` என்ற அமைப்பை ஆன் செய்திருந்தால் கண்ணாடிப் பிம்பமாகவே சேமிக்கும், இல்லையென்றால் மற்றவர்கள் பார்ப்பது போல நேராக்கிச் சேமிக்கும். சாம்சங் போன்களில் இதற்கு இணையானது `Save selfies as previewed`. சமூக வலைதளச் செயலிகளின் உள்ளே இருக்கும் கேமராக்களுக்குத் தனி வழக்கம். அதாவது ஒரே போனில், ஒரே நாளில் எடுத்த இரண்டு செல்ஃபிகளில் ஒன்று நேராகவும் ஒன்று திரும்பியும் இருக்கலாம்.

பழைய படங்களிலும் இது உண்டு. ஃபிலிம் நெகட்டிவைப் பளபளப்பான பக்கமும் மங்கலான பக்கமும் மாறி வைத்து ஸ்கேன் செய்தால் படம் அப்படியே திரும்பிவிடும். நெகட்டிவின் ஓரத்தில் இருக்கும் நிறுவனப் பெயரும் எண்களும் நேராகப் படிக்க முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஓரத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அனுப்பும்போது அந்தச் சாட்சியும் போய்விடுகிறது.

ஒரு உதாரணம்: பெரார்கஞ்சிலிருந்து வந்த மூன்று படங்கள்

தெற்கு அந்தமானில் பெரார்கஞ்சில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். இது விளக்குவதற்காகச் சொல்லும் கற்பனை உதாரணம், ஆனால் இதில் வரும் ஒவ்வொரு தவறும் நிஜத்தில் நடக்கக்கூடியது. அப்பா இறந்துவிட்டார். மகளுக்குக் கல்யாணம். அப்பா இருபது வினாடி வாழ்த்திப் பேசுவது போல ஒரு வீடியோ வேண்டும். சென்னையில் இருக்கும் ஒரு எடிட்டரிடம் வாட்ஸ்ஆப்பிலேயே வேலை நடக்கிறது. நேரில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

குடும்பம் அனுப்பியது மூன்று படங்கள். ஒன்று, ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்த பாஸ்போர்ட் சைஸ் படம். இரண்டாவது, ஒரு விழாவில் எடுத்த குரூப் போட்டோ. அதில் அப்பாவின் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கிறது. மூன்றாவது, மகள் தன் போனில் அப்பாவோடு எடுத்துக்கொண்ட செல்ஃபி. முகம் பெரிதாக, கூர்மையாக இருக்கிறது. எந்த எடிட்டரும் மூன்றாவதைத்தான் எடுப்பார். அந்த செல்ஃபி கண்ணாடிப் பிம்பமாகச் சேமிக்கப்பட்டிருந்தது.

அப்பாவுக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம். தலையில் இடது பக்கம் வகிடு. உடல் வீடியோவுக்கு சித்தப்பா உட்கார்ந்தார். அண்ணன் எப்படித் தலை வாருவார் என்று அவருக்குத் தெரியும், அதே போல இடது வகிடு எடுத்து, அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு பின் கேமராவில் பதிவு செய்து அனுப்பினார்.

எடிட்டர் கவனமானவர்தான். தொலைபேசியில் கேட்டார்.

"மேடம், சாருக்கு மச்சம் எந்தப் பக்கம்?"

"வலது கன்னத்துல தம்பி."

"வகிடு?"

"இடது பக்கம்தான் எடுப்பாரு."

எடிட்டர் செல்ஃபியைப் பார்த்தார். மச்சம் படத்தின் வலது பக்கத்தில் இருக்கிறது. வகிடு படத்தின் இடது பக்கத்தில் இருக்கிறது. சொன்னதும் பார்ப்பதும் பொருந்துகிறது, எல்லாம் சரி என்று தொடர்ந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். நேராக எடுத்த படத்தில் எதிரே இருப்பவரின் வலது கன்னம் நமக்கு இடது பக்கமாகத் தெரியும். ஆகவே "வலது கன்னம்" என்ற சொல்லும் படமும் முரண்பட வேண்டும். அந்த முரண்தான் படம் நேரானது என்பதற்கு அடையாளம். திரும்பிய படத்திலோ அவருடைய வலது, படத்தின் வலதாகவே இருக்கும். வாயால் சொல்லும் விவரத்தோடு அச்சாகப் பொருந்துவது தப்பான படம்தான். எடிட்டர் சரிபார்த்த விதமே அவரை ஏமாற்றியது.

அடுத்து மென்பொருள் வேலை. ஒரே ஒரு படத்தை வைத்து முகம் மாற்றும் கருவியில் செல்ஃபியைக் கொடுத்தார். முகம் வந்தது, மச்சம் வரவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். குடும்பம் மச்சத்தைக் கேட்கும் என்பதால், செல்ஃபியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வீடியோவில் அதே இடத்தில், அதாவது திரையின் வலது பக்கத்தில், கையால் ஒரு மச்சம் வைத்தார். அது அசையும் முகத்தோடு கூடவே நகரும்படி டிராக்கிங்கும் செய்தார்.

இப்போது வீடியோவில் இருப்பவர் யார்? சித்தப்பாவின் வகிடு உண்மையான இடது பக்கம், எனவே திரையில் வலது பக்கம் தெரிகிறது. மச்சமும் திரையின் வலது பக்கம். நிஜ அப்பாவுக்கு மச்சம் ஒரு பக்கம், வகிடு எதிர்ப்பக்கம். கண்ணாடியில் பார்த்தாலும் அவை எதிரெதிராகத்தான் இருக்கும், இரண்டும் சேர்ந்து திரும்புவதால். இந்த வீடியோவில் மட்டும் இரண்டும் ஒரே பக்கம். இந்த ஆள் நிஜத்திலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை.

முழுப் படமும் திரும்புவதைவிட முகம் மட்டும் திரும்புவது மோசம் என்பது இதனால்தான். முகம் மாற்றும் கருவிகள் பெரும்பாலும் புருவத்திலிருந்து தாடை வரைதான் மாற்றும். முடி, காது, கழுத்து, சட்டை எல்லாம் உடல் வீடியோவில் இருப்பவருடையது. திரும்பிய பகுதியும் திரும்பாத பகுதியும் ஒட்டுப்போட்டது போல ஒரே தலையில் வந்து சேர்கின்றன. எடிட்டர் அந்த வகிட்டைக் கவனித்திருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம். செல்ஃபியில் படத்தின் இடது பக்கம், சித்தப்பா வீடியோவில் வலது பக்கம். அவரும் கவனித்தார், ஆனால் சித்தப்பாதான் தப்பாகத் தலை வாரிவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டார்.

மென்பொருள் ஏன் எச்சரிக்கவில்லை?

"ரெண்டு முகமும் ஒரே ஆள்தானான்னு பார்க்கத்தான் மென்பொருள் இருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதற்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அதைப் பழக்கியிருக்கிறார்கள்.

ஆர்க்ஃபேஸ் போன்ற முகம் அறியும் மாதிரிகள் ஒரு முகத்தை 512 எண்களாகச் சுருக்குகின்றன. பயிற்சியின்போது ஒவ்வொரு முகத்தையும் அவ்வப்போது இடம் வலம் திருப்பிக் காட்டி, "இதுவும் அதே ஆள்தான்" என்று கற்பிப்பது வழக்கம். பயிற்சிப் படங்களை இரட்டிப்பாக்க அது எளிய வழி. விளைவு, நேர்முகத்துக்கும் திரும்பிய முகத்துக்கும் வரும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒற்றைப் படக் கருவிகள் மூல முகத்திலிருந்து எடுத்துக்கொள்வதும் இதே எண்களைத்தான். ஆகவே ஒற்றுமை மதிப்பெண் நன்றாக வந்திருக்கிறது என்று யாராவது காட்டினால், அது பக்கம் சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

மச்சம் காணாமல் போனதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. அந்த 512 எண்களில் "வலது கன்னத்தில் இந்த இடத்தில் மச்சம்" என்ற தகவலுக்கு உறுதியான இடமில்லை. மீதிப் பாதி வெறும் அளவுக் கணக்கு. 2023 முதல் பரவிய பல கருவிகளின் உள்ளே இருப்பது `inswapper_128` என்ற மாதிரி. அது முகத்தை 128-க்கு 128 பிக்சல் சதுரத்தில்தான் வரைகிறது. அதில் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 35 பிக்சல். நிஜ முகத்தில் அது ஆறு சென்டிமீட்டர் சொச்சம். அப்படியானால் 3 மில்லிமீட்டர் மச்சத்துக்கு இரண்டு பிக்சல்கூடக் கிடைக்காது. பிறகு மங்கலைச் சரிசெய்ய ஜி.எஃப்.பி.கான், கோட்ஃபார்மர் மாதிரியான முகச் சீரமைப்புக் கருவியை ஓட்டுவார்கள். மிச்சம் மீதி இருந்த புள்ளியையும் அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும்.

அதனால் இந்த வகைக் கருவிகளில் மச்சம் தானாகப் பக்கம் மாறுவது குறைவு, காணாமல் போவதுதான் அதிகம். அதைத் திரும்ப வைக்கும் மனிதக் கைதான் பக்கத்தை மாற்றுகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. உடல் வீடியோவில் இருப்பவருக்கு முகம் மாறும் எல்லைக்கு வெளியே, காதோரத்திலோ கழுத்திலோ மச்சம் இருந்தால் அது அப்படியே தங்கிவிடும். அப்பாவின் முகத்தில் சித்தப்பாவின் மச்சம்.

புகைப்படத்தையே அசைய வைக்கும் கருவிகள் வேறு ரகம். அவை மூலப் படத்தின் தலை முழுவதையும், முடியோடும் சட்டையோடும் எடுத்து அசைக்கின்றன. படம் திரும்பியிருந்தால் மச்சம், வகிடு, சட்டைப் பை எல்லாமே சேர்ந்து மாறும். ஒட்டுப்போட்ட தோற்றம் இருக்காது, முழுசாக ஒரு கண்ணாடி மனிதர் பேசுவார். இந்த ரகத்தில் சரிசெய்வதும் சுலபம். படத்தைத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினால் போதும்.

தெரிந்தே திருப்புவதும் உண்டு

இதுவரை சொன்னது தெரியாமல் நடந்தது. எடிட்டர்கள் வேண்டுமென்றே திருப்பும் சூழலும் இருக்கிறது. உடல் வீடியோவில் ஆள் ஒரு பக்கம் திரும்பிப் பேசுகிறார், மூல முகத்துக்கோ மறுபக்கம் திரும்பிய படங்கள்தான் உள்ளன. சரி, இருப்பதைத் திருப்பிப் போட்டால் இல்லாத பக்கம் கிடைத்துவிடுமே என்று தோன்றும்.

ஆயிரக்கணக்கான ஃபிரேம்களை வைத்து ஒரு ஆளுக்கென்றே பயிற்சி தரும் டீப்ஃபேஸ்லேப் மென்பொருளில் இதற்குத் தனிக் கேள்வியே வரும்: `Flip SRC faces randomly`. 'ஆம்' என்று சொன்னால் அதிகக் கோணங்கள் கிடைக்கும், ஆனால் முகம் இயல்பு குறைந்து தெரியலாம் என்று அதன் உதவிக் குறிப்பே சொல்கிறது. அந்த 'இயல்பு குறைவு' என்ன என்பதை மச்சத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். பயிற்சிப் படங்களில் பாதியில் மச்சம் வலது கன்னத்தில், மீதிப் பாதியில் இடது கன்னத்தில். மாதிரி எதைக் கற்கும்? இரண்டு பக்கமும் மங்கலான நிழல் போல வரைந்து வைக்கலாம். அல்லது தலை ஒரு பக்கம் திரும்பும்போது ஒரு கன்னத்திலும், மறுபக்கம் திரும்பும்போது மறு கன்னத்திலும் மச்சம் எட்டிப் பார்க்கலாம். தனித்தனி ஃபிரேமாகப் பார்த்தால் இது கண்ணில் படாது, ஓடவிட்டால்தான் தெரியும்.

வேறு வழியே இல்லை, திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால், அனுபவசாலிகள் வரிசையை மாற்றிச் செய்வார்கள். திருப்புவதற்கு முன்பே மூலப் படங்களில் உள்ள மச்சம், தழும்பு எல்லாவற்றையும் அழித்துவிடுவது. சுத்தமான முகத்தில் வேலையை முடிப்பது. கடைசியில், முடிந்த வீடியோவின் மேல் சரியான கன்னத்தில் ஒரே ஒரு மச்சத்தை டிராக்கிங் செய்து வைப்பது. மச்சத்துக்கு இது போதும். ஆனால் மூக்கின் லேசான வளைவு, ஒரு புருவம் சற்று மேலே இருப்பது, சிரிக்கும்போது முதலில் ஏறும் உதட்டோரம் ஆகியவற்றை இப்படி அழித்து வைக்க முடியாது. அவை திரும்பியபடியே இருக்கும். "அவர் மாதிரி இருக்கு, அவர் இல்லை" என்ற உணர்வுக்கு மச்சத்தைவிட இவைதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. மச்சத்தை எல்லோராலும் சுட்டிக்காட்ட முடியும், உதட்டோரத்தைச் சுட்டிக்காட்டப் பெரும்பாலானவர்களுக்கு வார்த்தை கிடைக்காது.

படம் நேரா, திரும்பியதா: எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள், முகத்தைச் சுற்றிப் பாருங்கள். கடைப் பலகை, பஸ்ஸின் பெயர், டி-ஷர்ட் எழுத்து எதுவாக இருந்தாலும் எழுத்துதான் முதல் சாட்சி. எழுத்தே இல்லையென்றால் சட்டை. ஆண்கள் சட்டையில் பை அணிபவரின் இடது மார்பில் இருக்கும், பட்டன் ஓட்டை உள்ள இடது பட்டி வலது பட்டியின் மேல் படியும். நேரான படத்தில் பை உங்களுக்கு வலது பக்கம் தெரிய வேண்டும். புடவை என்றால் முந்தானை பெரும்பாலும் இடது தோளில். கைக்கடிகாரமும் உதவும், ஆனால் சிலர் வலது கையில் கட்டுவார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்த முறையின் வலிமைக்கு அமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் உண்டு. பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனின் புகழ்பெற்ற படம் தகரத் தட்டில் எடுக்கப்பட்டது. அந்த முறையில் படம் கண்ணாடிப் பிம்பமாகத்தான் விழும். இடுப்பில் துப்பாக்கி இடது பக்கம் தெரிந்ததால் அவன் இடதுகைக்காரன் என்று நீண்ட காலம் நம்பினார்கள். அவனைப் பற்றி 1958-ல் வந்த ஹாலிவுட் படத்தின் பெயரே 'தி லெஃப்ட் ஹேண்டட் கன்'. உண்மையைக் காட்டிக்கொடுத்தது அவன் கையில் இருந்த வின்செஸ்டர் துப்பாக்கி. அந்த ரகத்தில் தோட்டா போடும் வாயில் வலது பக்கத்தில்தான் இருக்கும், படத்தில் அது இடது பக்கம் இருந்தது. ஆக, திரும்பியது படம்.

நம் ஊரில் அதைவிட நல்ல சாட்சி பீரோவுக்குள் இருக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உடலில் உள்ள அடையாளங்களுக்கு ஒரு இடம் உண்டே? "வலது கன்னத்தில் ஒரு மச்சம்" மாதிரி எழுதியிருப்பார்கள். நேரில் நிறுத்திப் பார்த்து எழுதியது என்பதால் அது அவருடைய சொந்த வலதுதான். குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து அந்தமானுக்குப் போயிருந்தால் அப்பாவின் பழைய சான்றிதழில் அது இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

கோப்பு மூலமாகவே உங்களிடம் வந்திருந்தால், அதன் உள்ளே இருக்கும் திசைக் குறிப்பையும் பார்க்கலாம். 2, 4, 5, 7 ஆகிய எண்கள் 'இந்தப் படத்தைத் திருப்பிக் காட்டு' என்று பொருள். சில மென்பொருள்கள் அந்தக் குறிப்பை மதிக்கும், சில கண்டுகொள்ளாது. அதனால் உங்கள் கணினியில் நேராகத் தெரியும் படம் கருவிக்குள் போனதும் திரும்பலாம்.

```
exiftool -n -Orientation appa.jpg
```

வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக வந்ததில் இந்தக் குறிப்புகள் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் குறிப்பு செல்ஃபி பிரச்சினையைத் தீர்க்காது என்பதும் நினைவிருக்கட்டும். பல போன்கள் பிக்சல்களையே திருப்பிச் சேமித்துவிட்டு, குறிப்பில் சாதாரணம் என்றே எழுதிவைக்கும்.

எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் மனிதர்களிடம் கேட்கலாம். யாரிடம் கேட்பது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. 1977-ல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் சிலரின் முகப் படத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். படத்தில் இருப்பவர்கள் தங்கள் கண்ணாடிப் பிம்பத்தைத் தேர்ந்தெடுக்கும் போக்கு இருந்தது, அவர்களின் நண்பர்கள் நேர்ப் படத்தை விரும்பினார்கள். தினமும் எதைப் பார்க்கிறோமோ அதுதான் 'சரியான முகம்' என்று மனசில் பதிகிறது. ஆகவே உயிரோடு இருக்கும் ஒருவருக்கு வீடியோ செய்தால் அவருடைய ஒப்புதலை மட்டும் நம்ப முடியாது. மறைந்தவருக்கென்றால் அவரை நேருக்கு நேர் பார்த்துப் பழகிய மனைவி, தம்பி, நண்பர் ஆகியோர்தான் சரியான சாட்சி. படத்தையும் திருப்பிய பிரதியையும் ஒன்றாக அனுப்பி, எது எது என்று சொல்லாமல் கேளுங்கள்.

```
ffmpeg -i appa.jpg -vf hflip appa_flip.jpg
```

கேள்வி கேட்கும்போது 'இடது', 'வலது' வேண்டாம். "சார் வாட்ச் கட்டுற கை பக்கமா, சாப்பிடுற கை பக்கமா?" என்று கேட்டால் யாருடைய வலது என்ற குழப்பமே வராது. அந்தப் பெரார்கஞ்சு வீட்டு அம்மாவிடம் இப்படிக் கேட்டிருந்தால் "சாப்பிடுற கை பக்கம்" என்று சொல்லியிருப்பார். சித்தப்பா வீடியோவில் எந்தக் கன்னம் என்று எடிட்டருக்கு உடனே தெரிந்திருக்கும்.

தப்பு தெரிந்த பிறகு என்ன செய்வது?

முதலில் தோன்றும் குறுக்கு வழி, முடிந்த வீடியோவையே திருப்பிவிடுவது. அந்த உதாரணத்திலேயே செய்து பாருங்கள். மச்சம் சரியான கன்னத்துக்கு வந்துவிடும். ஆனால் இடது வகிடு வலது வகிடாகும், சட்டைப் பை வலது மார்புக்குப் போகும், ஆசீர்வதிக்கத் தூக்கிய வலது கை இடது கையாகிவிடும். கல்யாண வீட்டில் இடது கையால் ஆசீர்வாதம் செய்யும் அப்பாவை யாரும் ஏற்கமாட்டார்கள். ஒட்டு அப்படியேதான் இருக்கும், தையல் மட்டும் இடம் மாறும்.

செய்ய வேண்டியது, செல்ஃபியைத் திருப்பி நேராக்கிவிட்டு அங்கிருந்து மறுபடி தொடங்குவது. மச்சத்தின் டிராக்கிங்கை நீக்கிவிட்டு மறு கன்னத்தில் புதிதாகச் செய்ய வேண்டும். ஒளியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செல்ஃபியில் ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்திருந்தால், நேராக்கியதும் அந்த வெளிச்சம் மறுபக்கம் போகும். சித்தப்பா வீடியோவில் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதோடு அது மோதினால், முகம் மட்டும் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். அப்போது சித்தப்பாவை ஜன்னலுக்கு மறுபக்கம் உட்காரவைத்து இன்னொரு முறை பதிவு செய்வதுதான் குறைந்த வேலை. ஒளியைக் கணினியில் மாற்றப் போராடுவதைவிட இருபது வினாடி வீடியோவை மீண்டும் எடுப்பது எவ்வளவோ சுலபம்.

வைரல் வீடியோவில் மச்சம் மாறியிருந்தால் அது போலியா?

இதையெல்லாம் படித்த பிறகு, அடுத்த முறை ஒரு பிரபலத்தின் வீடியோவில் மச்சம் தப்பான பக்கம் இருப்பதைப் பார்த்தால் "டீப்ஃபேக்" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பதிப்புரிமைச் சோதனையிலிருந்து தப்பிக்க உண்மையான வீடியோவையே திருப்பிப் பதிவேற்றுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். மைக், மேடைப் பலகை, சட்டைப் பை, முந்தானை எல்லாம் மச்சத்தோடு சேர்ந்து திரும்பியிருந்தால், அது வெறுமனே திருப்பப்பட்ட வீடியோவாக இருக்கலாம்.

பலகையின் எழுத்து நேராக இருக்கிறது, சட்டைப் பை சரியான பக்கம் இருக்கிறது, மச்சம் மட்டும் மாறியிருக்கிறது என்றால் கதை வேறு. அந்த முகம் வேறெங்கிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம், மேற்கொண்டு விசாரிக்க அது போதுமான காரணம். மறுபுறம், மச்சம் சரியான இடத்தில் இருக்கிறது என்பதால் வீடியோ உண்மை என்று முடிவு செய்யவும் முடியாது. நேரான படத்தை வைத்துக் கவனமாகச் செய்த போலியில் மச்சம் சரியான கன்னத்தில்தான் இருக்கும்.